எதை, யாரிடமிருந்து, எதுவரை மறைத்தோம்? கான்சார்ட் பட்டியலின் 18, 20 உருப்படிகளைத் தமிழாக்குவது பற்றி

கேள்வி: "மருத்துவ ஆய்வறிக்கைகளில் எவையெல்லாம் இடம்பெற வேண்டும் என்று கூறும் கான்சார்ட் 2025 சரிபார்ப்புப் பட்டியலை எங்கள் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்காகத் தமிழாக்கி வருகிறோம். 18-ஆம் உருப்படியில் உள்ள அலொகேஷன் கன்சீல்மென்ட் என்பதற்கு 'ஒதுக்கீட்டை மறைத்தல்' என்றும், 20-இல் உள்ள பிளைண்டிங் என்பதற்கு 'சிகிச்சையை மறைத்தல்' என்றும் எழுதியிருக்கிறோம். மீள்மொழிபெயர்ப்பும் சரியாகவே வந்தது. ஆனால் மாணவர்கள் இரண்டு இடத்திலும் ஒரே பதிலை எழுதுகிறார்கள். எந்தச் சொல்லை மாற்றுவது?"

பதில்:

இரண்டு சொற்களையும் மாற்றத்தான் வேண்டும். ஆனால் சொல்லை மட்டும் மாற்றினால் இந்தக் குழப்பம் தீராது. ஆங்கிலத்தில் இந்த இரு கருத்துகளுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு பெயர்ச்சொற்கள் இருக்கின்றன. உங்கள் தமிழில் 'மறைத்தல்' என்ற ஒரே தொழிற்பெயர் இரண்டு இடங்களிலும் வந்துவிட்டதால், வேறுபாட்டைக் காட்டும் வேலை முழுவதும் அதற்கு முன்னால் உள்ள சொல்லின் தலையில் விழுகிறது. 'ஒதுக்கீடு', 'சிகிச்சை' என்ற அந்தச் சொற்களோ அந்த வேலையைச் செய்யக்கூடியவை அல்ல. ஒரு நோயாளிக்கு ஒதுக்கப்படுவதே சிகிச்சைதான் என்பதால், ஒதுக்கீட்டை மறைத்தாலும் சிகிச்சையை மறைத்தாலும் மறைக்கப்படுவது ஒன்றே என்றுதான் மாணவர் படிப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

'மறை' என்ற வினை தமிழில் எதை என்று ஒரு பொருளையும், யாரிடமிருந்து என்று ஓர் ஆளையும் எதிர்பார்க்கிறது. இங்கே எதுவரை என்று ஒரு காலத்தையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும். அதையே தொழிற்பெயராக்கி அட்டவணையின் தலைப்பில் போட்டவுடன் இம்மூன்றும் உதிர்ந்துவிடுகின்றன. 18-க்கும் 20-க்கும் உள்ள வேறுபாடு இந்த மூன்றில்தான் இருக்கிறது. 18-இல் காக்கப்படுவது இனி வரப்போகும் ஒதுக்கீடுகளின் வரிசை. அது தெரியக்கூடாதவர் நோயாளியை ஆய்வில் சேர்க்கும் மருத்துவர். அந்த நோயாளி சேர்க்கப்பட்டு, அவருடைய குழு முடிவாகும் நொடிவரை அது தெரியக்கூடாது. 20-இல் காக்கப்படுவது இந்த நோயாளி இப்போது எந்தச் சிகிச்சையில் இருக்கிறார் என்ற செய்தி; அது தெரியக்கூடாதவர்கள் நோயாளி, மருந்து தருபவர், விளைவை அளப்பவர், தரவை ஆய்பவர் என்று பலராக இருக்கலாம்; அந்தக் காவல் தொடங்குவதே ஒதுக்கீடு முடிந்த பிறகுதான். முதலாவது எந்த ஆய்விலும் சாத்தியம். இரண்டாவது பல ஆய்வுகளில் சாத்தியமே இல்லை.

கடைசியாகச் சொன்னதை மாணவர் பிடித்துக்கொண்டாரா என்பதைப் பார்த்தால் போதும், மொழிபெயர்ப்பு வேலை செய்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். சித்த மருத்துவப் பட்டமேற்படிப்பு மாணவி ஒருவரின் ஆய்வேட்டு வரைவைப் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அழல் கீல்வாயு நோயாளிகளில் ஒரு குழுவினருக்கு வெளிப்பூச்சாகத் தைலம், மறு குழுவினருக்கு உள்மருந்தாக மாத்திரை. உங்களுடையதைப் போன்ற ஒரு தமிழ்ப் பட்டியலை வைத்துக்கொண்டு, ஒதுக்கீட்டை மறைத்தல் என்ற கட்டத்தில் அவர் இப்படி எழுதியிருந்தார்: "மறைத்தல் செய்யப்படவில்லை. ஒரு குழுவுக்குத் தைலமும் மறு குழுவுக்கு மாத்திரையும் வழங்கப்பட்டதால் மறைத்தல் இயலாது." அடுத்த கட்டத்தில் 'மேற்காண்க' என்ற ஒற்றைச் சொல். உண்மையில் அவர் குழு எழுதிய தாளை உள்ளே வைத்த உறைகளைப் பயன்படுத்தித்தான் நோயாளிகளைப் பிரித்திருந்தார். கேட்டபோது மேசை இழுப்பறையிலிருந்து மீதமிருந்த உறைகளை எடுத்துக் காட்டினார். செய்த வேலையைச் செய்யவில்லை என்று அவரே எழுதிக்கொடுக்கும்படி செய்தது பட்டியலின் தமிழ்தான். தைலமா மாத்திரையா என்பது நோயாளிக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. ஆனால் அடுத்து வரப்போகும் நோயாளிக்கு எது வரும் என்பது மருத்துவருக்குத் தெரியாமல் இருக்க எல்லா வழியும் இருந்தது. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தின் பதிவுப் படிவமும் இவ்விரண்டையும் தனித்தனிக் கட்டங்களாகவே கேட்கிறது என்பதால், இந்தக் குழப்பம் ஆய்வேட்டோடு நிற்காமல் பதிவேட்டுக்கும் போய்விடும்.

இரண்டும் வேறு என்பதை விளக்க நான் மாணவர்களிடம் எப்போதும் எடுத்துக்காட்டுவது 1948-இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நுரையீரல் காசநோயாளிகளிடம் நடத்திய அந்த ஆய்வில் 107 நோயாளிகள் இருந்தார்கள். 55 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைசினும் படுக்கை ஓய்வும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். புள்ளியியலாளர் பிராட்ஃபோர்டு ஹில் சமவாய்ப்பு எண் பட்டியலைக் கொண்டு ஒவ்வொரு மருத்துவமனைக்கும், ஆண் பெண் இருபாலாருக்கும் தனித்தனியாக வரிசைகளைத் தயாரித்தார். அந்த வரிசை ஆய்வாளர்கள் எவருக்கும் தெரியாது, ஒருங்கிணைப்பாளருக்கும் தெரியாது. மருத்துவமனையின் பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே வெளியே எழுதப்பட்ட மூடிய உறைகளுக்குள் அது இருந்தது. நோயாளியை ஏற்றுக்கொள்வது என்று முடிவான பிறகே உரிய எண்ணுள்ள உறை திறக்கப்பட்டது.

இந்த ஆய்வை வைத்து உங்கள் பட்டியலை நிரப்பிப் பாருங்கள். 18-க்கு விடை முழுமையாகவும் தெளிவாகவும் இருக்கிறது. 20-க்கு வந்தால் நிலைமை வேறு. ஸ்ட்ரெப்டோமைசின் குழுவினருக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தசையில் ஊசி போடப்பட்டது. மறு குழுவினருக்குப் போலி ஊசி எதுவும் போடப்படவில்லை. ஆகவே யாருக்கு மருந்து போகிறது என்பது வார்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் மார்பு எக்ஸ்ரே படங்களை இரண்டு கதிரியல் மருத்துவர்களும் ஒரு மருத்துவரும் தனித்தனியாகப் பார்த்தார்கள். எந்தப் படம் எந்தக் குழுவைச் சேர்ந்தவருடையது என்பது அவர்களுக்குத் தெரியாது. இப்போது 'மறைத்தல் செய்யப்பட்டதா?' என்ற கேள்விக்கு ஆம் என்பீர்களா, இல்லை என்பீர்களா? வரிசையைப் பொறுத்து ஆம், மருந்து பெற்றவரைப் பொறுத்து இல்லை, படம் பார்த்தவரைப் பொறுத்து ஆம். இந்த மூன்று விடைகளையும் மூன்றாகவே வாங்கித் தரும் வாக்கியங்கள்தான் நமக்குத் தேவை.

சென்னை வாசகருக்கு நெருக்கமான இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) நோயாளிகளை வீட்டில் வைத்துச் சிகிச்சை தருவதையும் சானடோரியத்தில் வைத்துத் தருவதையும் ஒப்பிட்டு, 1959-இல் முடிவை வெளியிட்டது. தான் இரவில் படுப்பது வீட்டிலா சானடோரியத்திலா என்பதை ஒரு நோயாளியிடமிருந்து எப்படி மறைக்க முடியும்? இங்கே 20-ஆம் உருப்படிக்கு நோயாளியைப் பொறுத்த விடை 'இல்லை' என்றே இருக்கும். ஆனால் 18-ஆம் உருப்படியின் கேள்வி இத்தகைய ஆய்வில்தான் மிகக் கூர்மையாக எழுகிறது. வசதியில்லாத வீட்டிலிருந்து வரும் நோயாளியைப் பார்த்ததும் இவருக்குச் சானடோரியமே நல்லது என்று நினைக்கும் மருத்துவருக்கு அடுத்த இடம் வீட்டுக்குழுவுடையது என்று முன்பே தெரிந்திருந்தால், அவர் என்ன செய்வார் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வரிசையைக் காக்கத் தவறுவது, சிகிச்சையைத் தெரியவிடுவது என்ற இவ்விரண்டு பிழைகளும் முடிவைச் சாய்க்கும் அளவும் ஒன்றல்ல. ஆய்வு முறையியலாளர் ஷுல்ஸும் உடன் ஆய்வாளர்களும் மகப்பேறு தொடர்பான 33 தொகுப்பாய்வுகளில் இருந்த 250 ஆய்வுகளை எடுத்து 1995-இல் வெளியிட்ட பகுப்பாய்வில், வரிசையைப் போதிய அளவில் காக்காத ஆய்வுகள் சிகிச்சையின் விளைவை ஆட்ஸ் விகிதத்தில் சராசரியாக 41% மிகைப்படுத்தின. இரட்டை பிளைண்டிங் இல்லாத ஆய்வுகள் 17% மிகைப்படுத்தின. ஒரே சொல்லால் இரண்டையும் சுட்டும் பட்டியல், பெரிய பிழையைச் சிறிய பிழையின் பின்னால் ஒளித்துவைக்கிறது.

இனி வாக்கியங்களுக்கு வருகிறேன். 18-ஆம் உருப்படி ஆங்கிலத்தில் கேட்பது இரண்டு: வரிசையை நடைமுறைப்படுத்திய ஏற்பாடு என்ன, சிகிச்சைகள் ஒதுக்கப்படும் வரை அந்த வரிசையை வெளித்தெரியாமல் காக்க என்னென்ன செய்யப்பட்டது. வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கினால் 'சிகிச்சைகள் ஒதுக்கப்படும் வரை வரிசையை மறைக்க எடுக்கப்பட்ட நடவடிக்கைகள்' என்று வரும். இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் படிக்கும் தமிழர், சிகிச்சைகள் என்ற பன்மையைக் கண்டு, எல்லா நோயாளிகளுக்கும் ஒதுக்கி முடியும் வரை என்று பொருள் கொள்கிறார். ஆங்கிலப் பன்மை ஒவ்வொருவருக்குமாகப் பிரிந்து நிற்கிறது. தமிழ்ப் பன்மை இங்கே மொத்தமாகத் திரண்டுவிடுகிறது. 'ஒவ்வொரு பங்கேற்பாளருக்கும்' என்ற சொற்களை வெளிப்படையாகச் சேர்க்காமல் இதைச் சரிசெய்ய முடியாது. மூலத்தில் இல்லாத சொல்லைச் சேர்க்கலாமா என்று மொழிபெயர்ப்புக் குழுவில் யாராவது கேட்பார்கள். மூலத்தில் பொருளாக இருப்பது தமிழில் சொல்லாக வந்தால்தான் நிற்கும் என்பதே என் விடை.

நான் பரிந்துரைக்கும் வடிவம் இது:

> 18. ஒதுக்கீட்டு வரிசையின் இரகசியக் காப்பு: ஒதுக்கீட்டு வரிசை எந்த ஏற்பாட்டின் வழியாக நடைமுறைப்படுத்தப்பட்டது (எ.கா. மையக் கணினி அல்லது தொலைபேசி, தொடர் எண்ணிட்ட, ஒளிபுகாத, ஒட்டி மூடிய உறைகள் அல்லது கலன்கள்)? ஒவ்வொரு பங்கேற்பாளருக்கும் சிகிச்சை ஒதுக்கப்படும் வரை அவருக்கு வரவிருக்கும் ஒதுக்கீட்டை எவரும் முன்கூட்டி அறியாதிருக்க என்னென்ன செய்யப்பட்டது?

தலைப்பில் 'மறைத்தல்' இல்லை என்பதைக் கவனியுங்கள். 'இரகசியக் காப்பு' என்பது தேர்வு வினாத்தாளை நினைவூட்டும் சொல். வினாத்தாள் தேர்வு தொடங்கும் நேரம்வரைதான் இரகசியம். அதன் பிறகு அது எல்லோர் கையிலும் இருக்கும், அதனால் தேர்வு கெட்டுவிடாது. காலவரம்புள்ள இரகசியம் என்ற கருத்து நம் வாசகருக்குப் புதிதல்ல. 'ஒதுக்கீடு' என்ற சொல்லைத் தனியே விடாமல் 'ஒதுக்கீட்டு வரிசை' என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. காக்கப்படுவது ஒருவருடைய சிகிச்சை அல்ல, ஒரு பட்டியல் என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

உறையைப் பற்றிய மூன்று அடைமொழிகளில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். ஒவ்வொன்றும் நடந்த ஒரு முறைகேட்டை அடைக்க வைத்த தாழ்ப்பாள் என்பதால், அவற்றில் எதையும் அலங்காரமாகக் கருதி விட்டுவிட முடியாது. உறையை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே இருப்பதைப் படித்தவர்கள் உண்டு. இதை ஷுல்ஸ் அதே 1995-இல் தனிக் கட்டுரையாகவே எழுதினார். நான் சொன்ன மாணவியின் உறையைக் கையில் வாங்கி அறையின் குழல்விளக்குக்கு நேரே பிடித்தேன். அஞ்சலகத்தில் விற்பது போன்ற மெல்லிய வெள்ளை உறை; உள்ளே ஒருமுறை மடித்த தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்த 'மா' என்ற எழுத்து தலைகீழாக, ஆனால் தெளிவாகத் தெரிந்தது. அவர் முகம் வாடிவிட்டது. உள்ளே ஒரு துண்டு அலுமினியத் தாளை வைத்திருந்தால் போதும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. 'ஒளிபுகாத' என்பது நம் பள்ளி அறிவியல் பாடத்தில் எல்லோரும் படித்த சொல் என்பதால் அதையே வைத்துக்கொள்ளலாம். சில வரைவுகளில் 'தடித்த உறை' என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். தடித்த உறை ஒளிபுகாததாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

அடுத்தது 'முத்திரையிட்ட உறை'. இது பழகிய வழக்கு. நீதிமன்றச் செய்திகளில் அன்றாடம் வருவது. ஆனால் அலுவலகத் தமிழில் முத்திரை என்றால் ரப்பர் ஸ்டாம்ப்தான் முதலில் நினைவுக்கு வரும். துறைத்தலைவரின் முத்திரை குத்திய, மூடாமல் மடித்துச் செருகிய உறையும் 'முத்திரையிட்ட உறை' என்ற வருணனைக்குள் அடங்கிவிடும். 'ஒட்டி மூடிய' என்று எழுதினால் அந்த இடைவெளி இல்லை. 'தொடர் எண்ணிட்ட' என்பதில் மொழிச்சிக்கல் ஏதுமில்லை. ஆனால் எண் எழுதியிருந்தால் மட்டும் போதாது, அந்த எண் வரிசையிலேயே திறக்கப்பட்டதா என்பதும், நோயாளியின் பெயர் உறையின்மேல் எழுதப்பட்ட பிறகே திறக்கப்பட்டதா என்பதும் கேட்கப்பட வேண்டியவை. பட்டியலில் இதற்கு இடமில்லை, விளக்கவுரையில் சேருங்கள்.

19-ஆம் உருப்படியை நீங்கள் கேட்கவில்லை. என்றாலும் 18-ஐ அது இல்லாமல் படிக்க முடியாது. பங்கேற்பாளர்களைச் சேர்த்தவர்களுக்கும் அவர்களுக்குச் சிகிச்சையை ஒதுக்கியவர்களுக்கும் வரிசையைப் பார்க்க வாய்ப்பிருந்ததா என்று அது கேட்கிறது. இங்கே 'ஒதுக்கியவர்' என்ற சொல் தடுமாற வைக்கிறது. பட்டியலைத் தயாரித்தவரே ஒதுக்கியவர் என்று பலர் எண்ணுகிறார்கள். ஏனெனில் தமிழில் ஒதுக்குவது முடிவெடுப்பவரின் செயல். ஆய்வில் ஒதுக்குபவர் முடிவெடுப்பதில்லை. உறையைப் பிரித்து அதில் உள்ளபடி செய்கிறார், அவ்வளவுதான். எனவே வினையை விரித்து எழுதுங்கள்: 'பங்கேற்பாளர்களை ஆய்வில் சேர்த்தவர்களும், வரிசையின்படி அவர்களைக் குழுக்களில் இட்டவர்களும், அவ்வரிசையை முன்கூட்டிப் பார்க்கக்கூடிய நிலையில் இருந்தனரா?' செயப்பாட்டு வினையை இந்த வரியில் எக்காரணம் கொண்டும் நுழைய விடாதீர்கள். 'பங்கேற்பாளர்கள் சேர்க்கப்பட்டு, குழுக்களில் இடப்பட்டனர்' என்ற வடிவில் கேட்டால் அதே வடிவில் பதில் வரும். யார் என்ற ஆளே பதிலில் இருக்க மாட்டார், உருப்படி கேட்பதோ அந்த ஆளைத்தான்.

இனி 20. முதலில், 'குருடு' என்ற சொல்லின் எந்த வடிவமும் வேண்டாம். 'இரட்டைக் குருட்டு ஆய்வு' என்று செய்தித்தாள்களில் வருவதுண்டு. புண்படுத்தும் சொல் என்பது ஒரு காரணம். கண்நோய் ஆய்வுகளில் அது பொருளையே கெடுத்துவிடும் என்பது மற்றொரு காரணம். பார்வை இழப்பே அளக்கப்படும் விளைவாக இருக்கும் ஆய்வில் 'குருடாக்கப்பட்டவர்கள் யார்?' என்று கேட்க முடியாது. ஆங்கிலத்திலேயே கண் மருத்துவர்கள் இந்த இடத்தில் மாஸ்கிங் என்ற சொல்லையே விரும்புகிறார்கள். 'அறியாமை' என்று சிலர் எழுதுகிறார்கள். அது கல்லாமையின் உறவுச்சொல், இங்கே பொருந்தாது. 'அறியாநிலை' என்பதை நான் ஏற்கிறேன். ஒருவர் இருக்கும் நிலையை அது சொல்கிறது. நிலை என்றதும் யாருடைய நிலை என்ற கேள்வி தானே எழுகிறது.

> 20அ. சிகிச்சை அறியாநிலை: சிகிச்சை ஒதுக்கப்பட்ட பிறகு, எந்தப் பங்கேற்பாளர் எந்தச் சிகிச்சையைப் பெறுகிறார் என்பதை அறியாதிருந்தவர்கள் யார் யார் (எ.கா. பங்கேற்பாளர்கள், சிகிச்சை அளித்தோர், விளைவுகளை மதிப்பிட்டோர், தரவை ஆய்ந்தோர்)?
>
> 20ஆ. அறியாநிலை பேணப்பட்டிருந்தால், அது எவ்வாறு பேணப்பட்டது? ஒப்பிடப்பட்ட சிகிச்சைகள் எவ்வெவ்வகையில் ஒத்திருந்தன?

18-இல் 'ஒதுக்கப்படும் வரை' என்றும் 20-இல் 'ஒதுக்கப்பட்ட பிறகு' என்றும் இருப்பதைப் பாருங்கள். இரண்டு வாக்கியங்களையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவருக்கு எல்லைக்கோடு எங்கே என்பது விளக்கமில்லாமலே தெரியும். இந்த இரண்டு தொடர்களை மட்டும் தடித்த எழுத்தில் அச்சிடுவதையும் நான் ஆதரிப்பேன்.

'யார் யார்' என்ற அடுக்கும் வேண்டுமென்றே வைத்தது. ஒருமையில் 'யார்' என்று கேட்டால் 'இரட்டை அறியாநிலை ஆய்வு' என்று ஒரு முத்திரைச் சொல்லை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த இரட்டையில் யார் இருவர் என்பதில் மருத்துவர்களிடையே உடன்பாடில்லை; பாடநூல்களே வேறுபடுகின்றன. நோயாளியும் மருத்துவரும் என்பார் ஒருவர். நோயாளியும் விளைவை அளப்பவரும் என்பார் மற்றவர். பட்டியல் ஆட்களைப் பெயர் சொல்லிக் கேட்பது அந்தக் காரணத்தால்தான். ஆகவே உங்கள் தமிழ்ப் பட்டியலில் 'இரட்டை' என்ற சொல் எங்கும் வரக்கூடாது.

'ஒத்திருந்தன' என்பதற்குச் சித்த மருத்துவத்தில் கூடுதல் விளக்கம் வேண்டும். மாத்திரையின் நிறமும் அளவும் ஒத்திருப்பது எளிது. குடிநீரின் கசப்பும் மணமும் ஒத்திருப்பது கடினம். சூரணத்தை உறையில் அடைத்துக் கொடுத்தாலும் தேனில் குழைக்கும்போது நோயாளிக்குச் சுவை தெரிந்துவிடும். தோற்றம், மணம், சுவை, அனுபானம் என்று எடுத்துக்காட்டுகளை அடைப்புக்குறிக்குள் தந்தால், அந்தத் துறை மாணவர் தன் மருந்தை நினைத்துப் பதில் எழுதுவார்.

இவ்வளவு பேசிவிட்டு 'ரேண்டம்' என்பதைத் தொடாமல் விட முடியாது. மூன்று உருப்படிகளிலும் அது நிழலாக நிற்கிறது. தமிழ்நாட்டுப் புள்ளியியல் பாடநூல்களில் 'சமவாய்ப்பு', இலங்கைப் பாடநூல்களில் 'எழுமாற்று'. உங்கள் வாசகர் எங்கே படித்தவரோ அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம். 'தற்செயல்' மட்டும் கூடாது. ஒற்றைப்படைத் தேதியில் வந்தவர் ஒரு குழு, இரட்டைப்படையில் வந்தவர் மறு குழு என்று பிரிப்பதும் தற்செயல்தானே என்று மாணவர் கேட்பார். பேச்சுவழக்கில் அவர் சொல்வது சரி, ஆய்வு முறையில் அது முழுத்தவறு. தேதி தெரிந்த எவருக்கும் அடுத்த ஒதுக்கீடு தெரியும்.

'சமவாய்ப்பு' என்ற சொல்மேல் ஒரு நியாயமான மறுப்பு எழுவதுண்டு. 2:1 விகிதத்தில் பிரிக்கும் ஆய்வில் ஒரு குழுவுக்குப் போகும் வாய்ப்பு மூன்றில் இரண்டு, மறு குழுவுக்கு மூன்றில் ஒன்று. இதில் சமம் எங்கே? சமம் குழுக்களுக்கு இடையில் இல்லை, ஆட்களுக்கு இடையில் இருக்கிறது. முதலில் வந்தவருக்கும் நூறாவதாக வந்தவருக்கும், நோய் முற்றியவருக்கும் தொடக்கநிலையில் உள்ளவருக்கும் முதல் குழுவில் சேரும் வாய்ப்பு அதே மூன்றில் இரண்டுதான். இந்த ஒரு விளக்கத்தைக் கலைச்சொல் குறிப்பில் சேர்த்துவிட்டால் சொல்லை மாற்ற வேண்டியதில்லை.

கடைசியாக, மீள்மொழிபெயர்ப்பு ஏன் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது. அதைச் செய்தவர் கான்சார்ட் தெரிந்த ஒரு மருத்துவராக இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். 18 என்ற எண்ணைப் பார்த்ததுமே அந்த இடத்தில் வரவேண்டிய ஆங்கிலச் சொல் அவர் நினைவில் வந்துவிடும். உங்கள் தமிழ் அங்கே என்ன சொல்கிறது என்பதை அவர் படிக்க வேண்டிய தேவையே எழாது. எண்களையும் தலைப்புகளையும் நீக்கிவிட்டு, உருப்படிகளின் வரிசையைக் கலைத்து, இந்தப் பட்டியலை முன்பு பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து மீள்மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். 'ஒதுக்கீட்டை மறைத்தல்', 'சிகிச்சையை மறைத்தல்' இரண்டும் ஒரே ஆங்கிலத் தொடராகத் திரும்பி வந்தால் வியக்காதீர்கள்.

அதோடு நிறுத்தாமல், ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வின் செய்முறைப் பகுதியை ஒரு பத்தியாகத் தமிழில் எழுதி, புதிய பட்டியலோடு மாணவர்களிடம் கொடுங்கள். உறைகளைப் பற்றிய வாக்கியத்தின் அருகே 18 என்றும், எக்ஸ்ரே படம் பார்த்தவர்களைப் பற்றிய வாக்கியத்தின் அருகே 20அ என்றும் குறிக்கிறார்களா என்று பாருங்கள். போலி ஊசி போடப்படவில்லை என்ற வாக்கியத்தின் அருகே யாராவது 18 என்று எழுதினால், அவரை அருகில் உட்காரவைத்து, உருப்படியின் எந்தச் சொல் அப்படி எண்ணவைத்தது என்று கேளுங்கள். அவர் சுட்டிக்காட்டும் சொல்தான் நீங்கள் அடுத்து மாற்ற வேண்டிய சொல்.